எண்பதாவது நிமிடத்தில் இழுக்கும் கெண்டைச்சதை

கோவை நேரு ஸ்டேடியத்தில் ஒரு கால்பந்து ஆட்டம். எண்பதாவது நிமிடத்தில், பந்தைத் துரத்திப் போன பின்கள வீரர் காலைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிட்டார். அணியின் பிசியோதெரபிஸ்ட் நான். ஓடிப்போய்ப் பார்த்தால் கெண்டைச்சதை கல்லாகத் திரண்டிருக்கிறது. தோலுக்கடியில் அது துடிப்பது கண்ணுக்கே தெரிகிறது. "நரம்பு இழுத்துப் பிடிச்சிருச்சுங்க சார்" என்கிறார். சுற்றி நின்றவர்கள், "உப்புத்தண்ணி குடுங்க" என்கிறார்கள்.

முதலில் காலைத்தான் கவனித்தேன். முழங்காலை நீட்டிவைத்து, குதிகாலை ஒரு கையில் தாங்கி, பாதத்தை அவர் முகத்தை நோக்கி மெல்லத் தள்ளிப் பிடித்தேன். வெடுக்கென்று தள்ளினால் சதை கிழியக்கூடும். அரை நிமிடத்தில் சதை இளகிவிட்டது.

ஒரு சிட்டிகை உப்புகூட உள்ளே போகவில்லையே, பிடிப்பு எப்படி விட்டது? எனக்கு இந்தத் தொழிலில் மிகவும் பிடித்த விஷயமே இதுதான். சதை களைத்துப்போனால், 'இறுகு' என்று அதைத் தூண்டும் நரம்புச் செய்தி ஓங்கி, 'தளர்' என்று அடக்கும் செய்தி மங்கிவிடுகிறது என்பது இன்று வலுவாக இருக்கும் விளக்கம். தசைநாணில் இழுவையை உணரும் நுண்ணுறுப்பு ஒன்று உண்டு. நாம் சதையை நீட்டும்போது அது முதுகுத்தண்டு வழியாக அந்தத் தூண்டலை அடக்குகிறது. உப்புக்குறைவு மட்டுமே காரணமென்றால் உடம்பெல்லாம் இழுக்க வேண்டும்; பெரும்பாலும் அதிகம் உழைத்த சதைதானே இழுக்கிறது?

2010-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், வெள்ளரி ஊறுகாய்ச் சாறு குடித்தவர்களுக்குத் தண்ணீர் குடித்தவர்களைவிடச் சீக்கிரம் பிடிப்பு விட்டது. அந்த உப்பு ரத்தத்தில் சேர நேரமே இல்லை. தொண்டையில் பட்ட புளிப்பு நரம்பு வழியே வேலை செய்திருக்கலாம் என்கிறார்கள்.

அதற்காக வியர்வையை அலட்சியம் செய்யாதீர்கள். 1986-இல் சேப்பாக்கம் டெஸ்டில் ஆஸ்திரேலிய கிரிக்கெட் வீரர் டீன் ஜோன்ஸ் 210 ரன் எடுத்தபோது, வாந்தியும் சதைப்பிடிப்புமாகத் தவித்து, கடைசியில் ஆஸ்பத்திரியில் சலைன் ஏற்றிக்கொண்டார். ஒரு சதை இழுப்பது வேறு; பல சதைகள் சேர்ந்து இழுத்து, வாந்தியோ தடுமாற்றமோ வந்தால் அது வெப்பத் தாக்காக இருக்கலாம். ஆளை உடனே குளிர்வித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் பழகியவர்கள் சென்னைப் புழுக்கத்தில் ஆடப்போனால், உடம்பு பழகப் பத்து நாளாவது வேண்டும்.

நம் பின்கள வீரருக்கு வருவோம். விசாரித்தால், அவர் பயிற்சியில் ஐம்பது நிமிடத்துக்கு மேல் ஓடியதே இல்லை. ஆட்டமோ தொண்ணூறு நிமிடம்! பயிற்சியின் கடைசிக் கால்மணி நேரத்தில், களைத்த காலோடு வேக ஓட்டம் சேர்த்தோம். படி விளிம்பில் ஒற்றைக்காலில் நின்று குதிகாலை ஏற்றி இறக்கும் பயிற்சியும் கொடுத்தோம். ஜெர்சியில் வெள்ளையாக உப்புப் பூப்பவர் அவர் என்பதால், ஆட்ட நாளில் உப்புப் போட்ட மோரும் உண்டு. வெறும் தண்ணீரைக் குடம் குடமாகக் குடிப்பது ரத்தத்தின் உப்பை இன்னும் நீர்த்துப்போகச் செய்யும்.

பிடிப்பு விட்டதும் உடனே வேகமாக ஓடவிடாதீர்கள், கொஞ்சம் நடக்கவிடுங்கள். அதே சதை மறுபடி இழுத்தால் மாற்று ஆளை இறக்குங்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு இது கைகொடுக்கும் என்று நம்புகிறேன்.