ஆரணிப் பட்டும் ஒரு படமும்

திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணி, பட்டு நெசவுக்குப் பெயர் பெற்ற ஊர். ஆரணிப் பட்டு புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது. ஆனால் இணையத்தில் வாங்கும்போது சேலையைத் தொட்டுப் பார்க்க வழியில்லை. அதனால் நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் விற்பனைப் பக்கத்தில் எழுதும் நான்கு வரிதான் வாங்குபவரின் விரலாகிறது. 'பாரம்பரியப் பெருமை மிக்கது' என்ற வரியால் பயனில்லை. அதை யாரும் எழுதிவிடலாம். கரை எப்படி இணைந்தது என்பதை எழுத வேண்டும்.

சாதாரணச் சேலையில் ஊடை நூல் ஒரு கரையிலிருந்து மறுகரை வரை ஓடும். அதனால் உடலின் நிறம் கரையிலும் கலந்து தெரியும். கோர்வைச் சேலையில் இரண்டு கரைக்கும் உடலுக்கும் தனித்தனி நாடா, ஆக மூன்று. நெசவாளருக்குப் பக்கத்தில் ஒருவர் அமர்ந்து ஒரு கரையின் நாடாவைத் தள்ளித் தருவார். நூல்கள் சந்திக்கும் இடத்தில் ஒன்றையொன்று பின்னிக்கொள்ளும். நிறங்கள் கலப்பதில்லை. விலை ஏறுவதற்கு அந்த இரண்டாவது ஆளின் கூலியும் ஒரு காரணம். அதையும் வெளிப்படையாகச் சொல்லலாம்.

சான்றாக, சேலையைப் புரட்டி அந்த இணைப்பை நெருக்கமாகப் படமெடுத்துப் போட்டால் போதும். பின்னல் அங்கே வரிசையாகத் தெரியும். ஆரணியில் எல்லாச் சேலையும் கோர்வை அல்ல. எடை குறைந்த, ஒரே ஆள் நெய்த சேலையை அப்படியே சொல்லி விற்பதே நேர்மை. சில்க் மார்க் முத்திரை பட்டு அசல் என்பதற்கு மட்டுமே சான்று. கைத்தறி என்பதற்கோ கோர்வை என்பதற்கோ அல்ல. ஆகவே கோர்வைச் சேலை வாங்குபவர்கள் கரையின் பின்பக்கப் படத்தைக் கேட்டு வாங்க வேண்டும்.