வாங்கும் விலை, விற்கும் விலை: அறுபத்தாறு வயதில் ஒரு தேர்வு
(பொன்விழாக் குடும்ப நாளில் ஆற்றிய உரை)

 

எங்களை வியாபாரத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். அண்ணன் தம்பி இருவரும் கடையில் நிற்பதால் அதைத்தான் பேசுவோம் என்று நினைத்திருப்பார்கள். நாங்கள் எங்கள் சாச்சாவின் படிப்பைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். அதிலும் கொஞ்சம் வியாபாரம் இருக்கிறது.

சாச்சா 1976இல் சேஞ்ச் ஆலியில் நாணய மாற்றுக் கடையில் வேலைக்குச் சேர்ந்தவர். 1989இல் அந்தச் சந்து மூடப்பட்டது. அதன் பிறகு ராஃபிள்ஸ் பிளேஸ் பக்கத்திலேயே வேறு கடைகள். ரொக்கம் மாற்ற வருபவர்கள் குறைந்துகொண்டே போக, அறுபத்தாறு வயதில் ஓய்வு பெற்றார். மூன்று மாதம் வீட்டில் இருந்துவிட்டு, சுற்றுலா வழிகாட்டி உரிமம் எடுக்கப் போவதாகச் சொன்னார். அந்த உரிமத்தைச் சிங்கப்பூர்ப் பயணத்துறைக் கழகம் கொடுக்கிறது. பயிற்சி வகுப்பில் சேர்ந்து, எழுதியும் நடந்து காட்டிப் பேசியும் தேர்வில் தேற வேண்டும். கட்டணத்தைத் தம் சேமிப்பிலிருந்து கட்டினார். சாச்சிக்கு அது பிடிக்கவில்லை. தேறாவிட்டால் அந்தப் பணம் போனதுதான் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

முதல் மாதம் அவர் படித்த விதம் எங்களுக்குத் தெரிந்த விதம்தான். குறிப்பை எடுத்து மஞ்சள் பேனாவால் கோடு போட்டு, திரும்பத் திரும்ப வாசிப்பது. பாலிடெக்னிக்கில் நாங்கள் அப்படித்தான் டிப்ளோமா முடித்தோம். இருபது வயதில் தேர்வுக்கு முந்தைய இரவு வாசித்தால் மறுநாள் காலை வரை நிற்கும். அவருக்கு நிற்கவில்லை. வாசிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கிறது, குறிப்பை மூடியதும் ஒன்றுமில்லை என்றார். பார்த்தால் அடையாளம் தெரிவது வேறு, பார்க்காமல் சொல்வது வேறு. வயதானால் முதலாவது அவ்வளவாகக் குறையாது, இரண்டாவதுதான் மெதுவாகிறது. கோடு போட்டு வாசிக்கிறவர் முதலாவதை வைத்துக்கொண்டு இரண்டாவதும் இருப்பதாக நம்பிவிடுகிறார்.

அதனால் வாசிப்பதைக் குறைத்து, கேள்வி கேட்பதைக் கூட்டினோம். கேள்வியை அட்டையின் முன்னால் எழுதி, பதிலைப் பின்னால் எழுதினார். இரண்டு பிஸ்கட் டின். தப்பாகச் சொன்ன அட்டை தினசரி டின்னுக்குப் போகும். சரியாகச் சொன்னது வார டின்னுக்குப் போகும். வார டின்னில் இருந்தது தப்பினால் மறுபடி தினசரிக்கு வரும். இரவு கடை சாத்தும்போது நாங்கள் கேட்போம். பதில் வராவிட்டால் உடனே அட்டையைத் திருப்ப விடமாட்டோம். கொஞ்ச நேரம் தேடட்டும். ஆனால் தவறான பெயரை நாலு முறை சொல்லிப் பார்க்கவும் விடமாட்டோம், அந்தத் தவறு பதிந்துவிடும்.

இதிலும் ஒரு வகை அட்டை மட்டும் தினசரி டின்னை விட்டு வெளியேறவே இல்லை. ஆண்டுகள்தான். சவுத் பிரிட்ஜ் ரோடு சூலியா பள்ளி 1826. அதே சாலையில் மாரியம்மன் கோயில் 1827. தெலுக் ஆயர் தெருவில் அல் அப்ரார் பள்ளி, நம் ஆட்கள் குச்சுப்பள்ளி என்று சொல்வது, அதுவும் 1827. நாகூர் தர்கா கட்டத் தொடங்கியது 1828. எல்லாம் மூன்று ஆண்டுக்குள் வருகிறது, ஒன்றை ஒன்று இடித்துத் தள்ளுகிறது. இன்று சரியாகச் சொன்னது நாளை பக்கத்து வீட்டு எண்ணாக வரும். போதாததற்கு ஒரே இடத்துக்கு இரண்டு ஆண்டுகள். சூலியா பள்ளி அமைந்தது 1826, இப்போது நாம் தொழுகிற கட்டடம் எழுந்தது 1830 முதல் 1835 வரை. அல் அப்ராரில் 1827இல் இருந்தது ஓலைக் குடிசை. கட்டடம் 1850களில் வந்தது. எந்த ஆண்டைக் கேட்கிறார்கள் என்று பார்க்காமல் எழுதினால் படித்தும் மதிப்பெண் போகும்.

இதைத் தீர்த்தது எங்கள் அட்டை அல்ல, அவருடைய தொழில். ஒரு நாள் கணக்கு நோட்டில் கோடு கிழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இடது பக்கம் 'வாங்குவது', வலது பக்கம் 'விற்பது'. இடம் முதலில் அமைந்த ஆண்டு வாங்கும் விலை, இன்று நிற்கும் கட்டடத்தின் ஆண்டு விற்கும் விலை. சூலியா 26, 35. குச்சுப்பள்ளி 27, 55. கோயில் 27, 43, ஏனென்றால் இன்றிருப்பதில் பழைய பகுதி 1843ஐச் சேர்ந்தது. தர்கா 28, 30. "இந்த தர்காவில் லாபம் ரெண்டுதான், குச்சுப்பள்ளியில்தான் நல்ல லாபம்," என்றார். நாற்பது வருஷமாகப் பலகையில் இரட்டை எண்களாகப் பார்த்துப் பழகிய கண். தனி எண்ணாக நிற்காதது ஜோடியாக நின்றது. வாங்கும் விலை எப்போதும் சின்னது என்பதால், மாற்றி எழுதினால் அவருக்கே உறுத்தும். பத்து நாளில் அந்த அட்டைகள் வார டின்னுக்குப் போயின.

அனுபவம் இப்படி உதவியது போலவே கெடுத்தும் இருக்கிறது. இதைச் சொல்லாமல் விட்டால் பாதிக் கதைதான். தெலுக் ஆயர் தெரு ஒரு காலத்தில் கடற்கரை, கடல் எப்போது தூர்க்கப்பட்டது என்று மாதிரித் தாளில் கேள்வி. சாச்சா யோசிக்காமல் 1970கள் என்று எழுதினார். காரணம், அவர் வேலைக்கு வந்த நாட்களில் மரீனா பக்கம் கடலைத் தூர்த்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறார். தெலுக் ஆயரில் அந்த வேலை தொடங்கியதோ 1879இல். அவர் பார்த்தது உண்மை, ஆனால் அது வேறு கடல். இப்படித்தான் தர்காவையும் நாகூர் ஆண்டவரின் அடக்கம் என்று சுற்றுலாக்காரர்களிடம் சொல்லி வந்திருக்கிறார். அவர் அடங்கியிருப்பது நாகூரில், இங்கே இருப்பது அவர் நினைவாக எழுப்பிய கட்டடம்.

இதில் தொல்லை என்னவென்றால் தெரியாத கேள்விக்கு அவர் தயங்குவார், தப்பாகத் தெரிந்ததற்குத் தயங்கவே மாட்டார். அதனால் அட்டைகளில் ஒரு சிவப்புப் புள்ளி வைத்தோம். "படிக்காமலே தெரியும்" என்று அவர் சொன்னதற்கெல்லாம் புள்ளி. புள்ளி வைத்ததை முதலில் குறிப்போடு ஒப்பிட வேண்டும். பதினாறு புள்ளிகளில் ஐந்து தப்பாக இருந்தன.

எழுத்துத் தேர்வில் தேறினார். நடந்து காட்டும் தேர்வில் முதல் முறை தேறவில்லை. நினைவு காரணமல்ல, பேச்சு. தர்கா வாசலில் சேஞ்ச் ஆலிக் கதையைத் தொடங்கினார், அடுத்த இடத்துக்கு நேரம் போதவில்லை. பிறகு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார்: ஒவ்வோர் இடத்திலும் முதலில் மூன்று செய்தி, பிறகு ஒரே ஒரு கதை, நேரம் இருந்தால். பெயர் வாயில் வராவிட்டால் அதைத் துரத்தாமல், "இதைக் கட்டியவர்கள் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த நம் வியாபாரிகள்" என்று தெரிந்ததைச் சொல்லி நகர்வார். அடுத்த திருப்பத்துக்குள் பெரும்பாலும் பெயர் வந்துவிடும். நாங்கள் இருவரும் சுற்றுலாக்காரர்களாக நடித்து, ஞாயிறு காலைகளில் கைக்கடிகாரத்தோடு அவர் பின்னால் நடந்தோம். தம்பி வேண்டுமென்றே கழிவறை எங்கே என்று நடுவில் கேட்பான். அதற்கு மட்டும் அவர் எந்த அட்டையும் படிக்கவில்லை. நாற்பது வருஷம் வாடிக்கையாளர் முகம் பார்த்தவர், பதில் சொல்லிவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

இரண்டாம் முறை தேறினார். இப்போது வாரத்தில் இரண்டு நாள் குழு அழைத்துப் போகிறார். கட்டிய பணம் இன்னும் முழுதாகத் திரும்பவில்லை, சாச்சி அதைக் கணக்கு வைத்திருக்கிறார். வார டின் இன்னும் எங்கள் கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை இரவு வந்து, "கேளுங்கடா" என்கிறார்.