சம்பளமில்லாத படப்பிடிப்பில் சாப்பாடும் நேரமும்



நான் தொழிலால் இன்ஜினியர். விடுமுறை நாட்களில் குறும்படம் எடுப்பவன். இங்கே படம் எடுக்கத் துடிக்கும் தம்பிகள் பலர் இருப்பதால், முதல் படத்தில் நான் செய்த தவறைச் சொல்கிறேன்.

பதினோரு நண்பர்கள். யாருக்கும் சம்பளம் கிடையாது. ஒரே ஞாயிற்றுக்கிழமையில் 28 ஷாட் எடுப்பதாகத் திட்டம். எல்லோரையும் காலை 6 மணிக்கு வரச் சொன்னேன். "இந்த ஒரு ஷாட் முடியட்டும்"னு சொல்லிச் சொல்லியே மதியச் சாப்பாடு மூன்றரை மணிக்குப் போய்விட்டது. பேக்-அப் இரவு பதினொன்றரை. ஒலிப்பதிவு செய்த நண்பன் பைக்கில் வீடு திரும்பும்போது கண் அசந்து, கீழே விழுந்து கையை முறித்துக்கொண்டான். ஆஸ்பத்திரியில் அவன் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அவங்க அம்மாதான், "காலையிலேர்ந்து என்னப்பா சாப்பிட்டான்?"னு கேட்டாங்க. எனக்குப் பதில் தெரியவில்லை.

அடுத்த படத்துக்குக் கணக்கைத் திருப்பிப் போட்டேன். ஷாட்டை எண்ணி நேரம் ஒதுக்காமல், நேரத்தை எண்ணி ஷாட் ஒதுக்கினேன். காலை 7 முதல் மாலை 5 வரை பத்து மணி நேரம். டிபனுக்கும் லைட் பொருத்தவும் ஒன்றரை மணி, மதியச் சாப்பாட்டுக்கு ஒரு மணி, டீக்கும் பேக்-அப்புக்கும் ஒரு மணி. மீதி ஆறரை மணி நேரம். எங்கள் வேகத்தில் ஒரு ஷாட்டுக்கு அரை மணி ஆகும். ஆக 13 ஷாட். கதையை அதற்குள் சுருக்கினேன்.

கேமரா பக்கமே வராத ஒரு நண்பரிடம் சாப்பாட்டையும் கடிகாரத்தையும் ஒப்படைத்தேன். யார் சைவம், யாருக்கு பஸ் செலவு வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டு எழுதி வைத்தார். மதியம் 1 மணிக்கு அவர் "சாப்பாடு" என்றால் டைரக்டரும் எழுந்தாக வேண்டும். வந்து ஆறு மணி நேரத்துக்குள் சாப்பாடு. அதற்கு மேல் தள்ளினால் தவறுகள் வரும். மைக் ஃபிரேமுக்குள் தொங்கும், ரெக்கார்ட் பட்டனை அமுக்க மறப்பார்கள். ஒரே தவறு இரண்டு முறை நடந்தால் அது அலட்சியமல்ல, களைப்பு.

பெயர்ப் பட்டியலிலும் பாடம் கற்றேன். முதல் படத்தில் ஒருவரின் இனிஷியல் தப்பு, டீ வாங்கி வந்த தம்பியின் பெயரே இல்லை. இப்போதெல்லாம் முதல் நாளே அவரவர் கையால் பெயரும் செய்த வேலையும் எழுத வைக்கிறேன். படத்தை வெளியிடுமுன் அந்த டைட்டிலை எல்லோருக்கும் காட்டிச் சம்மதம் வாங்குகிறேன்.

அந்த இரண்டாவது படத்துக்கும் அதே நண்பன்தான் ஒலிப்பதிவு. மாலை 5 மணிக்கு ஒரு ஷாட் பாக்கி இருந்தது. "எடுத்துடலாம்டா"ன்னு அவனே சொன்னான். வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அந்த ஷாட் இல்லாமலேதான் படம் முடிந்தது.