இறந்த மகளின் நகை எவருக்குச் சேரும்?



பூந்தமல்லி நெடுஞ்சாலையை ஒட்டிய வானகரத்தில் என் இல்லம் இருக்கிறது. வழக்கறிஞன் வீடென்று அறிந்து, விடியற்காலையிலேயே வாயிலில் வந்து நிற்பார் உண்டு. அவ்வாறு ஒருநாள் வந்த முதிய அம்மையார், ஒரு துணிப் பையிலிருந்து நகைக்கடை ரசீதுகளை எடுத்து என் முன் வைத்தார். மணமாகி நான்கு ஆண்டுகளில் அவருடைய மகள் காய்ச்சலால் இறந்துவிட்டாள். குழந்தை இல்லை. உயிலும் எழுதவில்லை. பெற்றோர் அணிவித்தது முப்பது சவரன். மாப்பிள்ளை வீட்டார் அணிவித்த தாலிக்கொடி மூன்று சவரன்.

“நாங்கள் போட்ட நகை எங்களுக்குத்தானே ஐயா திரும்ப வேண்டும்?” என்று கேட்டார்.

நம் ஊர்களில் பலர் நம்புவதும் இதுவே. ஆனால் சட்டம் வேறு விதமாகப் பேசுகிறது.

மணத்தின்போது பெண்ணுக்கு அன்பளிப்பாக வந்த நகை, எவர் கொடுத்ததாயினும், ஸ்திரீதனம் ஆகும். அது அவள் ஒருத்திக்கே சொந்தம். கணவன் வீட்டுப் பெட்டியில் இருந்தாலும் அவர்கள் அதைக் காத்து வைப்பவர்களே என்று 1985-ஆம் ஆண்டில் பிரதிபா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறிற்று. விழா நாளில் அணிந்து திருப்பித் தருமாறு மாமியார் கொடுத்த குடும்ப நகை மட்டும் இக்கணக்கில் சேராது.

அவள் உயில் எழுதாமல் இறந்தால், இந்துக்களுக்கு 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம், பதினைந்தாம் பிரிவு, வழி காட்டுகிறது. முதல் வரிசையில் மகனும் மகளும் கணவனும் நிற்கிறார்கள். இரண்டாம் வரிசை கணவனுடைய வாரிசுகள். பெற்ற தாய் தந்தையர் மூன்றாம் வரிசையினரே. முன் வரிசையில் ஒருவர் இருக்கும்வரை பின் வரிசைக்கு ஒரு குன்றிமணியும் போகாது.

அம்மையாரின் மகளுக்கு இரு குழந்தைகள் இருந்திருந்தால், முப்பத்து மூன்று சவரனும் கணவனுக்கும் அவ்விருவருக்கும் ஆளுக்குப் பதினொன்றாகப் பிரிந்திருக்கும். குழந்தை இல்லாமையால் முழுவதும் கணவனைச் சேர்ந்தது.

“பிறந்த வீட்டுச் சொத்து பிறந்த வீட்டுக்கே என்று சட்டத்தில் இருப்பதாகச் சொன்னார்களே?” என்றார் அவர். இருக்கிறது. ஆயின் அது, தாய் தந்தையர் இறந்தபின் பெண் வாரிசாகப் பெற்ற சொத்துக்கு மட்டுமே உரியது. அவளுக்கு மக்களோ, இறந்த மக்களின் பிள்ளைகளோ இல்லாதபோதே அது பொருந்தும். பெற்றோர் உயிரோடிருந்து தம் கையால் கொடுத்தது வாரிசுச் சொத்தன்று, அன்பளிப்பு. ஒரே தந்தையின் பொன், அவர் இறந்தபின் வந்தால் ஒரு வழியும், மணப்பந்தலில் வந்தால் வேறு வழியும் போகிறது.

இதன் கடுமையை நாராயணி தேவியின் வழக்கு காட்டும். 1955-இல் மணமாகி மூன்று மாதங்களில் கணவனை இழந்தார். கணவன் வீட்டார் அவரை வெளியேற்றினர். பெற்றோர் படிக்க வைத்தனர். வேலை செய்து பொருள் சேர்த்தார். 1996-இல் உயிலின்றி இறந்தார். அப்பொருளைத் தாய் கேட்டார். கணவனுடைய சகோதரியின் மக்களும் கேட்டனர். 2009-இல் உச்ச நீதிமன்றம், இரக்கம் வேறு, சட்டம் வேறு என்ற நிலையில், கணவன் வழியினருக்கே அதனை அளித்தது. அங்கே வழக்கு அவர் ஈட்டிய பொருளைப் பற்றியது. அன்பளிப்பாக வந்த நகைக்கும் அதே வரிசைதான்.

விலக்குகளும் உள. மனைவியைக் கொன்றவன் அவளுக்கு வாரிசாக மாட்டான். வரதட்சிணையாக வாங்கிய சொத்தாயின், மணமான ஏழாண்டுக்குள் அவள் இயற்கைக்கு மாறாக இறந்தால், அது அவள் குழந்தைகளுக்கும், குழந்தை இல்லையேல் பெற்றோருக்கும் சேர வேண்டும் என்று வரதட்சிணைத் தடைச் சட்டத்தில் 1986-இல் சேர்க்கப்பட்டது. அம்மையாரின் மகளோ நோயால் இறந்தவள். மருமகனும் தீயவர் அல்லர்.

நான் அவருடன் சென்று மருமகனைக் கண்டேன். அவர் ஒரு ஜோடி வளையலை எடுத்து, “நினைவாக வைத்துக்கொள்ளுங்கள், அத்தை” என்று கொடுத்தார். அது அவருடைய பண்பு, அம்மையாரின் உரிமையன்று.

இவ்வரிசையை மாற்ற வல்லது உயில் ஒன்றே. வெறுந்தாளில் எழுதினாலும் போதும், பதிவு கட்டாயமில்லை. அப்பெண் கையொப்பமிட, இரு சாட்சிகள் அதனைப் பார்த்துத் தாமும் ஒப்பமிட வேண்டும். நகையைப் பெறப் போகிறவரைச் சாட்சியாக்காதிருப்பது நன்று. எந்த நகை, எத்தனை சவரன், எவருக்கு என்பதைத் தெளிவாகக் குறித்தல் வேண்டும். மணநாளிலேயே, இன்னார் இன்னது கொடுத்தார் என்று மணமக்கள் இருவரும் ஒப்பமிட்ட பட்டியல் வைத்துக்கொள்ள 1985-ஆம் ஆண்டின் விதிகள் சொல்கின்றன. அப்பட்டியல் கையிலிருந்தால் உயில் எழுதுவதும் எளிது. பின்னாளில் “அந்த நகையே இல்லை” என்று எவரும் சொல்லவும் இயலாது.

அம்மையாருக்கு இளைய மகள் ஒருத்தி உண்டு. அவளுக்கு மணம் நிச்சயமானபோது மீண்டும் வந்தார். இம்முறை அவர் கையில் ரசீதுகளோடு வெள்ளைத் தாளும் இருந்தது. “மகள் எழுதட்டும் ஐயா; யாருக்கு என்பதை அவளே சொல்லட்டும்” என்றார். வாசலில் அந்தப் பெண் நின்றுகொண்டிருந்தாள்.