கையைச் சோதிக்கிறார்களா, பையைச் சோதிக்கிறார்களா?

(வெளிநாட்டு வேலைக்கான தொழிற்சோதனை, நேர்முகப் பரீட்சை பற்றி இரத்தோட்டைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வீட்டு வேலைக்குப் போகிற பெண்களைப் பற்றி நாம் பல கூட்டங்களில் பேசியிருக்கிறோம். இன்றைக்கு வேறு ஒரு கூட்டத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். தொழில் தெரிந்த நம் பிள்ளைகள். தொழிற்சாலை வேக்ஷொப்பில் வெல்டிங் பழகியவர், டவுனில் கேட்டும் கிரில்லும் அடிக்கிறவர், வயரிங் செய்கிறவர், மேசன் வேலைக்குக் கொழும்புக்குப் போய் வருகிறவர். இவர்களைத் தேடி இப்போது வட்ஸ்அப்பில் செய்தி வருகிறது. வந்த செய்தி உண்மையா, பொய்யா என்பதுதான் கேள்வி.

உங்களுக்கு நன்றாகப் புரிய வேண்டும் என்பதற்காக ஒரே ஒரு உதாரணத்தை எடுத்துக்கொள்கிறேன். ஒரு தம்பி வெல்டிங் வேலை செய்கிறார். அவருக்கு இப்படி ஒரு செய்தி வருகிறது: "ருமேனியாவுக்கு வெல்டர்கள் உடனடியாகத் தேவை. நேர்முகப் பரீட்சை ஞாயிற்றுக்கிழமை மாத்தளையில் ஒரு மண்டபத்தில். கடவுச்சீட்டையும் 25,000 ரூபாயும் கொண்டு வரவும்." கீழே ஒரு கைத்தொலைபேசி இலக்கம் மட்டும். இந்தத் தம்பி என்ன செய்ய வேண்டும்?

முதலில், உண்மையான தொழிற்சோதனை எப்படி நடக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள். அது தெரிந்தால் பொய்யானதைக் கண்டுபிடிப்பது சுலபம்.

வெல்டரை எடுக்கிற கம்பனிக்கு அவருடைய கைதான் முக்கியம். அதனால் சோதனை வேக்ஷொப்பில் நடக்கும். மெஷின் இருக்கும், ரொட் இருக்கும், இரும்புத் தகடு இருக்கும். கம்பனியின் ஆளோ, கம்பனி நியமித்த பரிசோதகரோ பக்கத்தில் நிற்பார். சாதாரணமாகக் கேட்கிற சோதனை ஒன்றுக்கு 3ஜி என்று பெயர். விளிம்பு சரிவாக வெட்டிய இரண்டு தகடுகளைச் சுமார் மூன்று மில்லிமீற்றர் இடைவெளி விட்டு நிமிர்த்தி நிறுத்துவார்கள். கீழிருந்து மேலே ஒட்டிக்கொண்டு போக வேண்டும். எண்ணெய்க் குழாய் வேலை என்றால் 6ஜி. குழாயைச் சாய்த்துப் பூட்டிவிடுவார்கள். குழாய் திரும்பாது, நாம்தான் சுற்றி வந்து ஒட்ட வேண்டும்.

ஒட்டி முடித்த பிறகு பரிசோதகர் முன்பக்கத்தை மட்டும் பார்க்க மாட்டார். தகட்டைத் திருப்பிப் பின்பக்கம் உருகி இறங்கியிருக்கிறதா என்று பார்ப்பார். ஓரத்தில் பள்ளம் விழுந்திருக்கிறதா, ஊசித் துளை இருக்கிறதா என்று பார்ப்பார். பிறகு அதைத் துண்டாக வெட்டி வளைத்துப் பார்ப்பதும் உண்டு. உள்ளே கசடு இருந்தால் வளைக்கும்போது வெடித்துவிடும்.

இங்கேதான் நம் பிள்ளைகள் பலர் தோற்கிறார்கள். கேட் அடிக்கும்போது தகட்டை மேசையில் படுக்கப் போட்டு ஒட்டிப் பழக்கம். பிசகினால் கிரைண்டரைப் போட்டு மழுப்பிவிடலாம். சோதனையில் மேல் ஒட்டைக் கிரைண்டர் போட்டு மறைக்க விட மாட்டார்கள். 7018 என்ற ரொட் ஈரம் பிடித்தால் துளை விழும். அதைச் சூடான பெட்டியில் வைத்துத்தான் எடுக்க வேண்டும். நம் பக்கத்து மழைக்கு ரொட் பக்கட்டைத் திறந்தபடி போட்டு வைத்துப் பழகியவருக்கு இது தெரியாது. ஆகவே சோதனைக்குப் போகும் முன் நிமிர்ந்த தகட்டில் ஒட்டிப் பழகுங்கள். ஒன்றை ஒட்டி, வெட்டி, வைஸில் வைத்து வளைத்துப் பாருங்கள். பரிசோதகர் சொல்லும் முன் இரும்பே உங்களுக்குச் சொல்லிவிடும்.

நேர்முகப் பரீட்சையும் அப்படித்தான். எத்தனை வருடம் வேலை செய்தீர்கள், எந்தத் தகட்டுக்கு எந்த ரொட், எத்தனை அம்பியர், பாதுகாப்புக்கு என்ன போடுவீர்கள் என்று கேட்பார்கள். அவர்கள் கேட்டு முடித்த பிறகு நீங்களும் கேட்க வேண்டும்: அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, எத்தனை மணி நேரம், ஓவர்டைம் எப்படி, தங்குமிடமும் சாப்பாடும் யார் செலவு, விசாவில் என்ன தொழில் எழுதுவார்கள்? உண்மையான கம்பனிக்கு இதற்குப் பதில் தயாராக இருக்கும்.

இப்போது அந்தத் தம்பிக்கு வந்த செய்தியைத் திரும்பப் பாருங்கள். வெல்டருக்குச் சோதனை என்கிறார்கள், ஆனால் மண்டபத்தில் மெஷின் இல்லை. பேரைக் கேட்டு, கடவுச்சீட்டை வாங்கி, வந்த எல்லோரையும் "பாஸ்" என்கிறார்கள் என்றால், அங்கே சோதித்தது கையை அல்ல, பையை. ஒருவரும் பெயிலாகாத சோதனையைக் கண்டால் சந்தேகப்படுங்கள். சில கம்பனிகள் வீடியோவில் வேலை செய்து காட்டச் சொல்வதும் உண்டு. அதில் தவறில்லை. ஆனால் சோதனை சரியாக நடந்தது என்பதற்காக வேலையும் உண்மை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அதைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

எங்கே பார்ப்பது? 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் இருக்கிறது. வெளிநாட்டுக்கு ஆள் எடுக்கிற முகவர் நிலையத்துக்குப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். "லைசென்ஸ் இருக்கிறது அண்ணே" என்கிறார்கள். அது பாதிதான். லைசென்ஸ் நிலையத்துக்கு. வேலைக்கு வேறு அனுமதி வேண்டும். இந்த நாட்டில், இந்தக் கம்பனிக்கு, இத்தனை வெல்டர் என்று வந்த கோரிக்கையைப் பணியகத்தில் காட்டி அனுமதி எடுத்த பிறகுதான் விளம்பரம் செய்து ஆள் சேர்க்கலாம். லைசென்ஸ் உள்ள நிலையமே அனுமதி இல்லாத வேலைக்குப் பணம் வாங்கினால், உங்கள் பணத்துக்கு ஆபத்து அதே ஆபத்துதான்.

ஆகவே தம்பி செய்ய வேண்டியது இது. 1989 என்ற பணியகத்தின் இலக்கத்துக்கு அழைத்து மூன்று கேள்வி கேட்க வேண்டும். இந்த நிலையத்தின் அனுமதிப்பத்திரம் இன்றைக்குச் செல்லுபடியாகிறதா? இந்தக் கம்பனிக்கு வெல்டர் எடுக்க இவர்களுக்கு அனுமதி இருக்கிறதா? என்னிடம் எவ்வளவு பணம் வாங்கலாம்? நிலையங்களின் பட்டியலை slbfe.lk என்ற இணையத்தளத்திலும் பார்க்கலாம். போன் பேசத் தயக்கம் என்றால் நம் பிரதேச செயலகத்தில் வெளிநாட்டு வேலைவாய்ப்பு அபிவிருத்தி உத்தியோகத்தர் இருக்கிறார். அந்தச் செய்தியை அவரிடம் காட்டுங்கள்.

இன்னொரு தந்திரமும் உண்டு. நல்ல நிலையத்தின் பெயரையும் லைசென்ஸ் இலக்கத்தையும் திருடி, தன் போன் இலக்கத்தைப் போட்டு செய்தி அனுப்புவார்கள். அதனால் செய்தியில் உள்ள இலக்கத்துக்கு அழைத்து விசாரிக்காதீர்கள். பணியகத்தின் பட்டியலில் உள்ள நிலையத்தின் இலக்கத்துக்கு அழைத்து, "இவர் உங்கள் ஆளா, ஞாயிற்றுக்கிழமை மாத்தளையில் சோதனை வைக்கிறீர்களா?" என்று கேளுங்கள்.

லயத்துக்கு வருகிற சப் ஏஜென்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெரும்பாலும் நமக்குத் தெரிந்தவர்தான், சொந்தக்காரராகவும் இருப்பார். அவரையும் யாரோ ஏமாற்றியிருக்கலாம். அவர் முகத்துக்காகப் பணம் கொடுக்காதீர்கள். கடவுச்சீட்டும் பணமும் நிலையத்தின் அலுவலகத்தில் மட்டும், பற்றுச்சீட்டு வாங்கிக்கொண்டு கொடுப்பது. தனி ஆளின் வங்கிக் கணக்கில் பணம் போடச் சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

நாட்டுக்கு நாடு ஒழுங்கு வேறு. தென் கொரியாவின் தொழில் அனுமதித் திட்டத்துக்குப் பணியகம் மட்டுமே ஆள் அனுப்புகிறது, தனியார் முகவர் கிடையாது. "கொரியாவுக்கு என் கோட்டாவில் அனுப்புகிறேன்" என்று ஒருவர் சொன்னால் அதற்கு மேல் கேட்க வேண்டியதே இல்லை. சவூதி அரேபியா 2021இல் திறன் சரிபார்ப்புத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. வெல்டர், பிளம்பர், எலெக்ட்ரீஷியன் போன்ற தொழில்களுக்கு ஒரு எழுத்துச் சோதனை, ஒரு செய்முறைச் சோதனை. எழுத்துச் சோதனை கம்பியூட்டரில் நடக்கும். பெறுபேறு உங்கள் கடவுச்சீட்டு இலக்கத்தோடு பதிவாகிறது. ஆகவே "சோதனைக்குப் போகாமலே சேர்ட்டிபிக்கட் எடுத்துத் தருகிறேன்" என்பவரை நம்ப வேண்டாம்.

தொழில் தெரியும், கையில் கடதாசி இல்லை என்பவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. வேலை செய்து பழகியவர்களின் திறமையைப் பார்த்து என்.வி.கியூ. என்ற தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் கொடுக்கிற முறை உண்டு. நைட்டா நிறுவனத்தில் விசாரியுங்கள். வேலை செய்த இடத்தின் கடிதம், செய்த வேலைகளின் படங்கள் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். தமிழில் மதிப்பீடு வேண்டும் என்பதை விண்ணப்பிக்கும்போதே கேளுங்கள்.

கடைசியாக, புறப்படும் கட்டம். வேலை விசா வேண்டும், சுற்றுலா விசா வேண்டாம். "அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம்" என்ற பேச்சை நம்பாதீர்கள். கம்பியூட்டர் வேலை என்று சொல்லித் தாய்லாந்துக்கு அழைக்கப்பட்ட இலங்கை இளைஞர்கள் எல்லை தாண்டி மியன்மாரின் மியாவாடிப் பக்கத்து முகாம்களில் அடைக்கப்பட்டு, இணைய மோசடி செய்ய வற்புறுத்தப்பட்டார்கள். அரசாங்கங்கள் பேசித்தான் அவர்களை மீட்க வேண்டியிருந்தது. படித்த பிள்ளைகளும் அதில் இருந்தார்கள்.

விசாவில் உள்ள தொழிலும் ஒப்பந்தத்தில் உள்ள தொழிலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒப்பந்தத்தில் வெல்டர், விசாவில் கூலியாள் என்றால் அங்கே போய்ச் சம்பளத்தைப் பற்றி வாதாட முடியாது. பணியகத்தில் பதிவு செய்த பிறகே விமானம் ஏறுங்கள். ஒப்பந்தத்தின் ஒரு பிரதி உங்களிடம், ஒரு பிரதி வீட்டில்.

இவ்வளவும் கையில் வரும்வரை நகையை அடகு வைக்காதீர்கள், வட்டிக்குக் கடன் எடுக்காதீர்கள், சேமலாப நிதியை எடுக்கலாம் என்று நினைத்துத் தோட்டத்தில் பேரை வெட்டிக்கொள்ளாதீர்கள். சோதனையில் பாஸானவருக்கும் விசா வராமல் போகலாம். அப்போது திரும்பி நிற்க ஒரு இடம் வேண்டும்.

ஏற்கனவே பணம் கொடுத்தவர்கள் இந்தக் கூட்டத்திலும் இருக்கலாம். வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். வட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள். வங்கிச் சீட்டு, பற்றுச்சீட்டு, போன் இலக்கம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு உங்கள் தோட்டத் தலைவரிடம் வாருங்கள். பணியகத்துக்கு முறைப்பாடு எழுத நாங்கள் உதவி செய்கிறோம். அந்த ஆள் இன்றைக்குப் பக்கத்துத் தோட்டத்திலும் இதே கதையைச் சொல்லிக்கொண்டிருப்பார். உங்கள் முறைப்பாடு அவர்கள் பணத்தையும் காப்பாற்றும்.