நான்கு படங்களில் அப்பாவின் சிலை

வாஷியிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: காலமான அப்பாவின் நான்கு புகைப்படங்கள் கையில் இருக்கின்றன, அவற்றை வைத்து மார்பளவுச் சிலையை 3டி பிரிண்ட் எடுக்க முடியுமா? முடியும். ஆனால் அந்தச் சிலையில் எது அப்பாவின் முகம், எது கணினியின் ஊகம் என்று தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

உயிரோடு இருப்பவர் என்றால், அசையாமல் உட்காரவைத்துச் சுற்றிலும் நாற்பது ஐம்பது படம் எடுக்கலாம். ஒரே புள்ளி ஒவ்வொரு படத்திலும் எங்கே விழுகிறது என்று பார்த்து, மென்பொருள் ஆழத்தைக் கணக்கிட்டுவிடும். 1860களிலேயே பாரிஸில் பிரான்சுவா வில்லெம் என்பவர், 24 கேமராக்களை வட்டமாக வைத்து எடுத்த படங்களின் விளிம்புக்கோடுகளிலிருந்து சிலை செய்தார்.

ஆல்பத்துப் படங்களில் வயதும் சிரிப்பும் வெளிச்சமும் வேறுவேறு. அங்கே இந்தக் கணக்கு செல்லாது. அதனால் மாடல் செய்பவர்கள் பிளெண்டரில் ஃபேஸ்பில்டர் போன்ற கருவியை வைத்து, பொதுவான ஒரு தலையை எடுத்துக்கொண்டு, கண்ணோரம், மூக்கு நுனி, தாடை ஆகியவற்றைப் படத்தோடு பொருத்தி இழுப்பார்கள். படத்தில் தெரியாத காதும் பின்மண்டையும் அந்தப் பொதுத் தலையுடையதாகவே நின்றுவிடும்.

எனவே நான்கில் ஒன்றாவது பக்கவாட்டுப் படமாக இருக்கட்டும். மூக்கு எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதை நேர்முகப் படம் சொல்லாது. செல்ஃபியைத் தவிருங்கள். 12 அங்குலத்தில் எடுத்த படத்தில் மூக்கு, 5 அடியில் எடுத்ததைவிடச் சுமார் 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என்று 2018இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. நாலைந்து அடி தள்ளி நின்று எடுத்த, ஒரே காலத்துப் படங்களைத் தேடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் டாக்குமென்டாக அனுப்புங்கள். இல்லையென்றால் படத்தின் நுணுக்கம் குறைந்துவிடும்.

அடுத்தது முக்கியம். திரையில் மாடல் அச்சு அசலாக அப்பாவைப் போலவே இருக்கும். அதற்குப் பாதிக் காரணம், புகைப்படத்தின் நிறத்தை அதன்மேல் போர்த்தியிருப்பதுதான். ஒரே நிறத்தில் பிரிண்ட் எடுக்கும்போது அந்த நிறம் போய், வடிவம் மட்டும் மிஞ்சும். அப்போது யாரோ ஒருவர் நிற்பார். ஆகவே பிரிண்டுக்கு முன்பே நிறத்தை நீக்கி, சாம்பல் நிறத்தில் காட்டச் சொல்லுங்கள். வீட்டில் ஐந்தாவதாக ஒரு படம் கிடைத்தால், அதை மாடல் செய்யக் கொடுக்காமல் வைத்திருங்கள். மாடலை அந்தப் படத்தின் கோணத்துக்குத் திருப்பி, நெற்றி முதல் தாடை வரை விளிம்பு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போகாவிட்டால் கோளாறு வடிவத்தில் இருக்கிறது.

சில இடங்களைக் கையால்தான் செதுக்க வேண்டும். கருவிழியைக் குழித்து எடுக்காவிட்டால் பார்வை வெறுமையாக இருக்கும். முடியை இழைகளாக அல்ல, திரளாக வடிக்க வேண்டும். மெல்லிய கண்ணாடி ஃபிரேம் பிரிண்டில் உடையும். அதைத் தனியாகச் செய்து மாட்டலாம். ரெசின் சிலை என்றால் உள்ளே கூடாக விட்டு, இரண்டு மூன்று மில்லிமீட்டர் சுவர் வைத்து, ரெசின் வடிய அடியில் துளை விடச் சொல்லுங்கள்.

சாம்பல் மாடலை அம்மாவிடமும் காட்டுங்கள். காது இப்படி இருக்காது, பிடரி இன்னும் தட்டை என்று, படத்தில் இல்லாததை அவர்தான் சொல்ல முடியும். அந்தத் திருத்தங்கள் முடிந்த பிறகு பிரிண்டுக்குச் சம்மதம் கொடுங்கள்.