செய்தியை விட்டு மக்கள் ஏன் விலகுகிறார்கள்?

(நிருபர்கள், துணை ஆசிரியர்கள், பத்திரிகை விற்பனையாளர்கள் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

தோழர்களே!

பத்திரிகைத் தொழிலில் இருக்கும் நமக்கு ஒரு பழக்கம் உண்டு. வாசகர் குறைந்தால் வாசகரைக் குறை சொல்வோம். "ஜனங்களுக்கு நாட்டு நடப்பில் அக்கறை இல்லை, சினிமாவும் வேடிக்கையும் போதும் என்று இருக்கிறார்கள்" என்போம். இந்த அபிப்பிராயம் சரிதானா? செய்தியை வேண்டாம் என்று ஒதுக்குகிறவர்களிடம் போய், ஏன் ஒதுக்கினீர்கள் என்று நாம் கேட்டிருக்கிறோமா? இன்று அதைத்தான் பார்க்க வேண்டும்.

இதற்கு நாம் பிரிட்டனை உதாரணமாக எடுத்துக்கொள்கிறோம். காரணம் என்ன? அங்கே இந்த விஷயத்தைப் பல ஆண்டுகளில் கேட்டு எண்ணி வந்திருக்கிறார்கள். ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையிலுள்ள ராய்ட்டர்ஸ் ஆய்வு நிலையம் பல நாடுகளில் இந்தக் கேள்வியைக் கேட்கிறது: "நீங்கள் வேண்டுமென்றே செய்தியைத் தவிர்ப்பதுண்டா?" சில சமயமோ அடிக்கடியோ தவிர்ப்பதாகச் சொன்னவர்கள் பிரிட்டனில் 2017-இல் 100-க்கு 24 பேர். 2019-இல் 35 பேர். 2022-இல் 46 பேர். ஐந்தே ஆண்டுகளில் ஏறக்குறைய இரண்டு மடங்கு! இவ்வளவு குறுகிய காலத்தில் ஒரு தேசத்து மக்களின் அக்கறை பாதியாகிவிடுமா? அக்கறை குறைந்ததென்று சொல்லித் தப்பிக்க முடியாது. கொடுக்கப்பட்ட செய்தியில் என்ன கோளாறு என்றுதான் பார்க்க வேண்டும்.

2019-ஆம் ஆண்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். அந்த ஆண்டு பிரிட்டனில் செய்தியைத் தவிர்த்தவர்களில் 100-க்கு 71 பேர், பிரெக்ஸிட் செய்திதான் காரணம் என்றார்கள். ஐரோப்பிய யூனியனிலிருந்து வெளியேறுவதா வேண்டாமா என்று 2016 ஜூன் 23-ஆம் தேதி அந்த நாட்டு மக்களே வாக்களித்தார்கள். தங்கள் கையால் வாக்களித்த விஷயத்தைப் பற்றிய செய்தியை அந்த மக்களே மூன்று ஆண்டுகளுக்குள் காதைப் பொத்திக்கொண்டு ஒதுக்கினார்கள் என்றால், அது சாதாரண விஷயமல்ல.

அந்த ஆண்டு நடந்ததைப் பாருங்கள். ஜனவரி 15-ஆம் தேதி, சர்க்கார் கொண்டுவந்த ஒப்பந்தத்தைக் காமன்ஸ் சபை 432-க்கு 202 என்ற வாக்கில் தோற்கடித்தது. மார்ச் 12-இல் மீண்டும் தோல்வி, 391-க்கு 242. மார்ச் 29-இல் மூன்றாவது தோல்வி, 344-க்கு 286. அந்த மார்ச் 29-தான் வெளியேறுவதற்கு முதலில் குறித்திருந்த நாள்! பிறகு கெடு ஏப்ரல் 12 ஆயிற்று, அதன் பின் அக்டோபர் 31 ஆயிற்று. கடைசியில் 2020 ஜனவரி 31-இல்தான் வெளியேறினார்கள்.

இனி ஒரு பெண்ணைக் கற்பனை செய்து பார்ப்போம். போலந்திலிருந்து வந்து, இங்கிலாந்தின் ஒரு நகரத்தில் முதியோர் விடுதியில் வேலை செய்கிறாள். இரவு வேலை முடிந்து காலையில் வீடு வருகிறாள். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு டெலிவிஷனைத் திருப்புகிறாள். "பார்லிமெண்டில் நெருக்கடி! இன்று முடிவு தெரியும்!" என்கிறார்கள். மாலையில் பார்த்தால் முடிவு தெரியவில்லை. மறு வாரமும் அதே நெருக்கடி, அதே முகங்கள், அதே கூச்சல். நடுவே "பாக்ஸ்டாப்" என்ற சொல் நூறு தடவை வருகிறது. அயர்லாந்து எல்லையில் சுங்கச் சாவடி மீண்டும் முளைக்காமல் இருக்க, வேறு வழி காணும் வரை வைத்துக்கொள்ளும் ஏற்பாடு அது. இதை முதல் நாள் ஒரு தடவை விளக்கினார்கள். அன்று அவள் வேலையில் இருந்தாள். அதற்குப் பிறகு வந்த செய்திகளெல்லாம், அது எல்லோருக்கும் தெரியும் என்று எண்ணி எழுதப்பட்டவை.

அவள் என்ன செய்வாள்? ஒரு நாள் டெலிவிஷனை நிறுத்திவிடுவாள். ஆய்வில் மக்கள் சொன்ன காரணங்களும் இவைதான்: ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள், கேட்டால் மனம் கெட்டுப்போகிறது, கேட்டு நம்மால் ஆகப்போவது ஒன்றுமில்லை. இது சோம்பேறித்தனமா? இல்லை தோழர்களே! தூக்க முடியாத பாரத்தைத் தலையில் ஏற்றிவிட்டு, இறக்கி வைக்க இடம் காட்டாமல் போனால், யாராக இருந்தாலும் கீழே போட்டுவிடத்தான் செய்வார்கள்.

ஆனால் நஷ்டம் யாருக்கு? இங்கேதான் விஷயத்தின் கடுமை இருக்கிறது. அதே 2019 மார்ச் 30-ஆம் தேதி, மூன்றாவது தோல்விக்கு மறுநாள், பிரிட்டனில் வாழும் ஐரோப்பிய யூனியன் நாட்டவர்கள் தொடர்ந்து அங்கே வசிக்கும் உரிமைக்கு மனுச் செய்யும் திட்டம் முழுமையாகத் திறக்கப்பட்டது. கட்டணம் கிடையாது. ஆனால் மனுச் செய்தாக வேண்டும். முடிவாக வந்த கெடு 2021 ஜூன் 30. முப்பது லட்சத்துக்கு மேற்பட்ட மக்களின் வேலை, வீடு, வைத்தியம் எல்லாம் இந்த ஒரு மனுவைப் பொறுத்தவை. நாம் கற்பனை செய்த அந்தப் பெண்ணும் அவர்களில் ஒருத்தி. வாக்குச் சண்டையின் இரைச்சல் தாங்காமல் செய்தியை நிறுத்தியவள், இந்தச் செய்தியையும் சேர்த்தே நிறுத்தினாள்! கெடு முடிந்த பின்பும் மனுக்கள் வந்துகொண்டே இருந்தன. தாமதம் எல்லாவற்றுக்கும் செய்தியே காரணம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அவளுக்கு உதவக்கூடிய ஒரே செய்தி, உதவாத நூறு செய்திகளின் அடியில் புதைந்து கிடந்தது என்பதை மறுக்க முடியுமா?

இதைச் சரிசெய்ய அங்கே ஒரு முயற்சி நடந்தது. 2019 அக்டோபரில் ஸ்கை நியூஸ் என்ற டெலிவிஷன் நிறுவனம், பிரெக்ஸிட் பேச்சே இல்லாத ஒரு தனி ஒளிபரப்பைத் தொடங்கிற்று. வார நாட்களில் மாலை 5 மணி முதல் 10 மணி வரை மற்ற செய்திகள் மட்டும். மக்களின் களைப்பை ஒப்புக்கொண்டார்கள் என்ற அளவில் அது நேர்மையான காரியம். ஆனால் அது வைத்தியமா? தலைவலிக்கிறது என்று வந்தவனை இருட்டறையில் படுக்க வைத்த மாதிரிதான். அந்தப் பெண்ணுக்கு மனுவைப் பற்றி அங்கேயும் யாரும் சொல்லப் போவதில்லை. சில பத்திரிகைகள் "நல்ல செய்திப் பக்கம்" என்று ஒன்று போடுகின்றனவே, அதன் கதையும் இதுதான். கெட்ட செய்தியை மறைப்பதால் நிலைமை மாறிவிடாது.

அப்படியானால் செய்தி அறையில் எதை மாற்ற வேண்டும்? மூன்று விஷயங்களைச் சொல்கிறோம். மார்ச் 12-ஆம் தேதிச் செய்தியை வைத்தே சொல்கிறோம்.

முதலாவது, இன்று எது மாறிற்று, எது மாறவில்லை என்று முதல் வரியிலேயே சொல்வது. "பார்லிமெண்ட் ஒப்பந்தத்தை மீண்டும் நிராகரித்தது. ஆகவே நேற்றிருந்த சட்டம்தான் இன்றும். உங்கள் வேலையிலோ, வசிக்கும் உரிமையிலோ இன்று மாறுதல் எதுவும் இல்லை." இப்படி எழுதினால் பரபரப்பு போய்விடும், உண்மைதான். ஆனால் வாசகன் நிம்மதியாக மூச்சு விடுவான். எதுவும் மாறாத நாளில் எதுவும் மாறவில்லை என்று சொல்லும் பத்திரிகையை, மாறிவிட்டது என்று அது சொல்லும் நாளில் அவன் நம்புவான்.

இரண்டாவது, ஒவ்வொரு நாளும் அன்றுதான் முதன்முதலாகப் படிக்கிறவன் ஒருவன் இருக்கிறான் என்று நினைத்து எழுதுவது. கடினமான சொல் வரும்போதெல்லாம், அதன் பொருளை ஒரே வாக்கியத்தில் அங்கேயே வைக்க வேண்டும். நேற்றே விளக்கிவிட்டோம் என்பது சமாதானம் ஆகாது. இதைச் சோதிக்கச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. எழுதிய செய்தியை அந்த விஷயத்தைத் தொடர்ந்து படிக்காத ஒருவருக்கு, நம் அலுவலகத்தில் கட்டுக் கட்டும் தோழருக்கே ஆகட்டும், உரக்கப் படித்துக் காட்டுங்கள். பிறகு என்ன நடந்தது என்று அவரையே சொல்லச் சொல்லுங்கள். அவர் எந்த இடத்தில் தடுமாறுகிறாரோ, அங்கேதான் வாசகன் நம்மை விட்டுப் போகிறான்.

மூன்றாவது, வாசகன் கையில் ஒரு பிடியைக் கொடுப்பது. அடுத்த முடிவு எந்தத் தேதியில்? எடுப்பவர் யார்? அதற்கு முன் சாமானியன் செய்யக்கூடியது என்ன? மனு எங்கே கொடுப்பது, எந்தக் காகிதம் வேண்டும், கட்டணம் உண்டா, உதவிக்கு யாரிடம் போவது? இவை பெட்டிச் செய்தியாக மூலையில் கிடக்க வேண்டியவை அல்ல. பல ஆயிரம் வீடுகளுக்கு இவைதான் தலைப்புச் செய்தி. செய்யக்கூடியது ஒன்றுமில்லை என்றால் அதையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். பொய்யான பிடி கொடுப்பது, பிடி கொடுக்காததைவிட மோசம்.

இதற்கு ஓர் எல்லை உண்டு. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2019-இல் ராய்ட்டர்ஸ் ஆய்வு இன்டர்நெட் வழியாக நடந்தது. முந்திய ஒரு மாதத்தில் செய்தியே பார்க்காதவர்களை அப்போது கணக்கில் சேர்க்கவில்லை. அதாவது 100-க்கு 35 என்பது, இன்னும் செய்தி பார்த்துக்கொண்டே அவ்வப்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர்களின் தொகை. அடியோடு விட்டுவிட்டவர்கள் அந்த எண்ணிக்கைக்கு வெளியே நிற்கிறார்கள். பெஞ்சமின் டாஃப், ரூத் பால்மர், ராஸ்மஸ் கிளைஸ் நீல்சன் என்ற மூன்று ஆய்வாளர்கள் அவர்களைத் தேடிப் போய், பிரிட்டன், ஸ்பெயின், அமெரிக்கா ஆகிய நாடுகளில் உட்கார்ந்து பேசினார்கள். அவர்களில் பெண்களும் இளைஞர்களும் உழைக்கும் ஏழைகளும் அதிகம். வீட்டுப் பாரம், நேரமின்மை ஒருபுறம். மறுபுறம், செய்தி என்பது வேறு யாருக்கோ உரிய சொத்து என்ற எண்ணம். எல்லாவற்றுக்கும் மேலாக, அவர்களைச் சுற்றிச் செய்தியைப் பற்றிப் பேசுகிறவர்களே இல்லை. பேச ஆளில்லாதவன் படிக்க மாட்டான்.

இப்படிப்பட்டவர்களுக்கு நாம் எவ்வளவு நன்றாக எழுதினாலும் பயனில்லை. அவர்கள் நம் பத்திரிகையைக் கையில் எடுப்பதே இல்லை! அவர்களுக்குச் செய்தி போய்ச் சேர வேண்டுமானால் மனிதர் மூலமாகத்தான் போக முடியும். வேலை இடைவேளையில், தண்ணீர்க் குழாயடியில், பள்ளிக்கூட வாசலில், அவர்கள் நம்புகிற ஒருவர் வாயிலிருந்து வர வேண்டும். ஆகவே விற்பனையாளத் தோழர்களே, உங்கள் வேலை காசு வாங்கிப் பத்திரிகை கொடுப்பதோடு முடிவதில்லை. படிப்பதை நிறுத்திவிட்ட வீடுகளையும் தட்டுங்கள். "ஏன் நிறுத்தினீர்கள்?" என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதை அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதி ஆசிரியர் குழுவிடம் கொடுங்கள். வாங்குகிறவர்களின் எண்ணிக்கை நம்மிடம் இருக்கிறது. விட்டுப்போனவர்களின் காரணம் நம்மிடம் இல்லை. அந்தக் காரணத்தை நமக்குக் கொண்டுவந்து தரக்கூடியவர்கள் நீங்கள்தான்.

2017-இல் ஆய்வு நடந்த நாடுகளில் 100-க்கு 29 பேர் செய்தியைத் தவிர்த்தார்கள். 2025-இல் அது 40 ஆகியிருக்கிறது. அவர்கள் விலகி நிற்பதால் சட்டங்கள் நின்றுவிடவில்லை. கெடுக்கள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. அவர்களைப் பற்றிய முடிவுகள் அவர்கள் இல்லாத இடத்தில் எடுக்கப்படுகின்றன. அடுத்த இதழுக்கு நீங்கள் எழுதும் முதல் செய்தியை, இரவு வேலை முடிந்து வீடு திரும்பிய அந்தப் பெண்ணின் முன் வைத்துப் பாருங்கள். அவள் அதைக் கடைசி வரி வரை படிப்பாளா? படித்து முடித்ததும், நாளைக் காலை எங்கே போக வேண்டும் என்று அவளுக்குத் தெரியுமா? தெரியாதென்றால் அந்தச் செய்தி இன்னும் எழுதி முடியவில்லை என்றே நாம் கொள்ள வேண்டும்.